நாலு வெள்ளிக்கிழமைகள்

மேர்லினுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பொட்டலம் கட்டிவந்த கடதாசியைக்கூட வாசிக்காமல் எறிய மாட்டாள். பஸ்ஸில் முன்சீட்டுக்காரி போனில் பேசினால் முழுக்கதையும் கேட்டுவிட்டு, இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டு அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வருவாள். "இதெல்லாம் உனக்கென்னத்துக்குடி?" என்று தாய் மார்கிறட் கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டாள். கல்லடிக்குத் தெற்கே, வாவிக்கரையில் இருந்த அந்த நண்டுக் கம்பனியில் மனிதவளப் பிரிவு உதவியாளராக மேர்லின் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பழக்கத்துக்குச் சம்பளமும் கிடைக்குமென்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

அவித்த நண்டின் சதையைப் பிரித்து, தரம்பார்த்து, டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவதுதான் கம்பனியின் வேலை. நூற்றிருபது பெண்கள் நீள மேசைகளின் இருபுறமும் நின்று சதை பிரிப்பார்கள். அந்த மேசைகளுக்கெல்லாம் மேற்பார்வையாளராக இருந்த யோகராசா ஓய்வுபெற்றுப் போய்விட்டார். அவருடைய கதிரை காலி. தகுதிப் பரீட்சையில் சித்தியடைந்தவர்கள் இரண்டு பேர், இருவரில் பணிமூப்புக் கூடியவருக்கே பதவி. இதுதான் கம்பனியின் விதி. திங்கட்கிழமை மேர்லின் பணிமூப்புப் பட்டியலைத் தட்டச்சு செய்து, முகாமையாளர் உதயரூபனிடம் கையெழுத்து வாங்கி, சாப்பாட்டறைச் சுவரில் ஒட்டினாள். முதலாவது பெயர் ஸாதியா. இரண்டாவது தனுஷியா. ஆட்சேபனை இருந்தால் வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள் எழுத்தில் தரவேண்டும் என்று கீழே ஒரு வரி.

ஒட்டிய பசை காயுமுன்னே தனுஷியா வந்து நின்றாள். தேற்றாத்தீவுக்காரி, முப்பத்துநாலு வயது. கையுறையைக் கழற்றியும் கழற்றாமலும் ஓடிவந்திருந்தாள்.

"மிஸ், நான் ரெண்டாயிரத்துப் பதினேழு மாசி பத்தாம் திகதி வந்தன். ஸாதியா வந்தது பங்குனி ஒண்டு. அவ வந்த அண்டைக்கு நண்டு ஓட்டை எப்பிடி உடைக்கிறதெண்டு காட்டிக் குடுத்ததே நான்தான். இப்ப நான் எப்பிடி அவக்குப் பின்னால போனன்?"

கோபமாகக் கேட்டிருந்தால் மேர்லின் விதிப் புத்தகத்தைக் காட்டி அனுப்பியிருப்பாள். தனுஷியாவின் முகத்தில் கோபத்தைவிட விளங்காமைதான் கூடுதலாக இருந்தது. விளங்காமையைக் கண்டால் மேர்லினுக்குக் கை அரிக்கும்.

"இரு, பாப்பம்" என்று விடுமுறைப் பதிவேட்டை எடுத்தாள்.

2022ஆம் ஆண்டுப் பக்கத்தில் தனுஷியாவின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் முப்பத்துமூன்று புள்ளடிகள் இருந்தன. முப்பத்துமூன்றும் சம்பளமற்ற விடுமுறை.

"அம்மாக்கு அந்த வருசம் தையில பாரிசவாதம் வந்திச்சு. வருச லீவு முடிஞ்சிற்று. மனேஜர் சேரிட்டக் கடிதம் குடுத்து நோப்பே லீவு எடுத்தன்" என்றாள் தனுஷியா. "அந்தச் சம்பளம்தான் அப்பவே வெட்டியாச்சே மிஸ். சம்பளம் வெட்டினா வெட்டினதுதானே. மறுகா ஏன் என்ட வருசத்தையும் வெட்டுறீங்க?"

நல்ல கேள்வி. நூற்றிருபது பேரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சம்பளமற்ற விடுமுறை என்றால் அந்த நாள் காசு இல்லை, அவ்வளவுதான் கதை என்று. அந்த நாள் போகிறபோது வேறு என்னென்னவற்றைக் கூட இழுத்துக்கொண்டு போகிறது என்று ஒருவரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

மேர்லின் கதிரையை இழுத்துப்போட்டு அவளை இருத்தினாள். ஈபிஎப் என்ற சேமலாப நிதிக்கு உழைத்த சம்பளத்தில்தான் கணக்கு. தொழிலாளியின் எட்டு வீதம், கம்பனியின் பன்னிரண்டு, அதோடு கம்பனி தனியாகப் போடுகிற ஈடிஎப் மூன்று. சம்பளம் இல்லாத நாளுக்கு இதில் ஒன்றும் இல்லை. அது போனது போனதுதான்.

"அப்ப நான் வேலைய விட்டுப் போகக்குள்ள தாற கிராஜுவிட்டியும் போச்சா?" தனுஷியாவின் முகம் இன்னும் வெளுத்தது.

"இல்ல, அது போகாது. அனுமதி எடுத்துப் போன லீவு சேவையை முறிக்காது. வருசத்துக்கு அரை மாதச் சம்பளம் எண்ட கணக்கு அப்பிடியே இரிக்கும். அதுக்கு அரசாங்கச் சட்டம் இரிக்கி. ஆனாப் பணிமூப்பு கம்பனிட சொந்த விதி. இஞ்ச பாரு."

விதி பதினான்கு. ஒரு வருடத்தில் முப்பது நாள் வரையான சம்பளமற்ற விடுமுறை பணிமூப்பைப் பாதிக்காது. முப்பதைத் தாண்டினால், தாண்டிய நாட்கள் மட்டுமல்ல, அந்த வருடத்தின் சம்பளமற்ற நாட்கள் முழுவதும் கழிக்கப்படும். வருடாந்தச் சம்பள ஏற்றத் திகதியும் அவ்வளவுக்குப் பின்தள்ளப்படும். இருபத்தொன்பது நாள் எடுத்தவளுக்கு ஒன்றுமில்லை. முப்பத்தொன்று எடுத்தவளுக்கு முப்பத்தொன்றும் போகும். இதை எழுதிய புண்ணியவான் யாரென்று மேர்லின் பலமுறை யோசித்திருக்கிறாள். பசியோடு எழுதியிருக்க வேண்டும்.

மாசி, அதாவது பெப்ரவரி பத்திலிருந்து முப்பத்துமூன்று நாள் தள்ளினால் பங்குனி, அதாவது மார்ச் பதினைந்து. ஸாதியாவின் திகதியோ பங்குனி ஒன்று. பட்டியல் சரியாகத்தான் இருந்தது.

தனுஷியா விரலை மடக்கி எண்ணிப்பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"முப்பத்துமூணு இல்ல மிஸ். இருவத்தொம்பது. நான் அம்மாட கட்டிலுக்குப் பக்கத்தில குந்திக்கொண்டு எண்ணின நாள் அது. எனக்குப் பிழைக்காது."

மேற்பார்வையாளர் வேலை பகல்நேர வேலை. மேசையில் நிற்கிறவர்களுக்கு நண்டு வருகிற நேரமே நேரம், சில நாள் இரவு பத்து மணியும் ஆகும். பாரிசவாதத்தோடு படுத்திருக்கும் தாயை அந்த நேரம்வரை பக்கத்து வீட்டாரை நம்பி விட்டுவருகிறாள் தனுஷியா. பக்கத்து வீட்டுக்காரி அடுத்த மாதம் மகளோடு திருகோணமலைக்குப் போகிறாளாம். பதவி கிடைக்காவிட்டால் வேலையை விடவேண்டியதுதான் என்று அவள் அழாமல் சொன்னாள். அழாமல் சொன்னதுதான் மேர்லினை உலுக்கியது.

அன்று பின்னேரம் எல்லோரும் போனபிறகு மேர்லின் தனுஷியாவின் கோப்பை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரக்கம் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவளை வீட்டுக்குப் போகவிடாமல் வைத்திருந்தது இரக்கமல்ல. இருபத்தொன்பதா, முப்பத்துமூன்றா?

கோப்பில் அனுமதிக் கடிதங்கள் இருந்தன. எண்ணினாள். தையிலும் மாசியிலுமாகச் சரியாக இருபத்தொன்பது நாள். அப்படியானால் மிச்ச நாலு சிவப்புப் புள்ளடிகளுக்குக் கடிதம் எங்கே? அந்த நாலும் வேறு வேறு மாதங்களில் தனித்தனியாகக் கிடந்தன. பங்குனியில் ஒன்று, ஆனியில் ஒன்று, ஆவணியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. கடிதமில்லாமல் வராமல் விட்டால் அது விடுமுறையே அல்ல, சொல்லாமல் நின்றது. அதற்கு எச்சரிக்கைக் கடிதம் போயிருக்க வேண்டும். கோப்பில் எச்சரிக்கையும் இல்லை.

கலண்டரை எடுத்துப் பார்த்தாள். நாலும் வெள்ளிக்கிழமை.

இதென்ன புதினம்! தனுஷியாவின் வார ஓய்வுநாள் வியாழன். கம்பனி ஏழு நாளும் ஓடுவதால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஓய்வுநாள். வெள்ளிக்கிழமைதான் ஓய்வு என்று கேட்டு வாங்கியவர்கள் காத்தான்குடிப் பக்கத்துப் பெண்கள்.

மேர்லினுக்கு ஒரு யோசனை வந்தது. அவள் எழும்பிப்போய் 2022ஆம் ஆண்டின் ஈபிஎப் பட்டியல்களைத் தேடி எடுத்தாள். சம்பளம் குறைந்தால் ஈபிஎப்பும் குறைய வேண்டும். தையிலும் மாசியிலும் தனுஷியாவின் பங்களிப்பு படுத்தே கிடந்தது. சரி. பங்குனியில்? குறையவில்லை. ஆனியில்? ஒரு சதமும் குறையவில்லை. ஆவணியும் ஐப்பசியும் அப்படியே. சம்பளத்தாளும் அதையே சொன்னது. அந்த நாலு மாதத்திலும் தனுஷியா முழு நாட்களும் வேலை செய்து முழுச் சம்பளமும் எடுத்திருந்தாள்.

ஒரே ஆள், ஒரே மாதம். சம்பளத்தாளில் முழுநாள் வேலை. விடுமுறைப் பதிவேட்டில் ஒரு நாள் சம்பளமற்ற விடுமுறை. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது, அல்லது இரண்டும் பாதி சொல்கின்றன.

கடைசியாக அவள் ஸாதியாவின் பக்கத்தைப் புரட்டினாள். அங்கேயும் ஏழு சிவப்புப் புள்ளடிகள். அவற்றில் நாலு வியாழக்கிழமை. தனுஷியா வராத ஒவ்வொரு வெள்ளிக்கும் முதல்நாள் வியாழன் ஸாதியா வரவில்லை. ஆனி பத்து வெள்ளி தனுஷியா இல்லை, ஆனி ஒன்பது வியாழன் ஸாதியா இல்லை. மேர்லின் மேசையில் தட்டித் தனக்குத்தானே சிரித்தாள்.

அடுத்த நாள் காலை யோகராசாவுக்குப் போன் எடுத்தாள்.

"ஓம் மகள், மாத்துவாங்க" என்றார் அவர், இதில் என்ன பெரிய கதை என்பதுபோல. "உன்ட நாளுக்கு நான் வாறன், என்ட நாளுக்கு நீ வா எண்டு அவங்களுக்குள்ள பேசிக்கொண்டு வந்து என்னிட்டச் சொல்லுவாங்க. அம்மன் கோயில் குளிர்த்தித் திருவிழா எண்டா ஒருத்தி, பெருநாள் எண்டா மத்தவ. எனக்கென்ன, மேசையில ஆள் நிண்டாச் சரி."

"எழுதி எடுக்கல்லையா அண்ணன்?"

"எழுதவோ? வாயால சொன்னாப் போதாதா?"

"ஸாதியாவும் தனுஷியாவும் எந்தெந்த நாள் மாத்தினவங்க எண்டு நினைவிருக்கா?"

"நல்ல கேள்விதான் கேக்கிறாய். நேத்து என்ன கறி திண்ட எண்டே எனக்கு நினைவில்ல."

அவர் வைத்தபிறகுதான் முழுக்கதையும் மேர்லினுக்கு வெளித்தது. சம்பளம் போடுகிற கணக்குப் பிரிவு, மாதத்துக்கு மொத்தம் எத்தனை நாள் என்று மட்டும் பார்த்தது. ஒரு வெள்ளி குறைந்தாலும் ஒரு வியாழன் கூடியதால் மொத்தம் சரி, சம்பளமும் சரி. ஆனால் விடுமுறைப் பதிவேட்டை எழுதிய அன்ரோ, மேர்லினுக்கு முன் இந்த மேசையில் இருந்தவன், வருகை எழுதும் வாசல் புத்தகத்தைப் பார்த்து, ஆள் இல்லாத வேலைநாளுக்கெல்லாம் சிவப்புப் புள்ளடி போட்டுக்கொண்டே போனான். ஓய்வுநாளில் ஆள் வந்ததைக் குறிக்க அந்தப் பதிவேட்டில் இடமே இல்லை. காசு சரியாகக் கைக்கு வந்ததால் நூற்றிருபது பேரில் ஒருத்தியும் பதிவேட்டைக் கேட்கவில்லை. கம்பனிக்காரரை ஏய்த்து ஒரு நாள் விடுமுறை எடுத்துவிட்டோம் என்ற சந்தோசம்கூடச் சிலருக்கு இருந்திருக்கும். உண்மையில் ஒவ்வொரு மாற்றலுக்கும் இரண்டு பேரின் சேவையிலும் ஒவ்வொரு நாள் ஒழுகிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலைதான் உதயரூபன் கைக்கு அகப்பட்டார். இதையெல்லாம் மூச்சுவிடாமல் அவரிடம் சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் காகிதத்தில் இல்லாத ஒன்றை நம்பச் சொன்னால் அவருக்குத் தும்மல் வரும். அவருடைய மனைவி பல்கலைக்கழக விரிவுரையாளர். ஏழு வருட சேவைக்கு ஒரு வருடம் முழுச் சம்பளத்தோடு ஓய்வாய்வு விடுப்பு வாங்கிக்கொண்டு வீட்டில் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வருடமும் சேவையாகவே கணக்கிடப்படும். இங்கே கீழே நாலு நாளுக்கு ஒருத்தியின் பதவி ஊசலாடுகிறது. மேர்லின் அதைச் சொல்ல வாயெடுத்து, வேலை போய்விடும் என்று விழுங்கிக்கொண்டாள்.

"விளங்குது மேர்லின். ஆனா இதை இப்பிடியும் பாக்கலாம். அவ வெள்ளிக்கிழமை வரல்ல, அது வராததுதான். வியாழக்கிழமை தானா விரும்பி வந்து வேலை செய்தா, அது வேற கதை. ரெண்டையும் நீங்கதான் முடிச்சுப் போடுறீங்க."

"வாசல் புத்தகத்தில பாத்தா..."

"அது போன மாரி வெள்ளத்தில நனைஞ்சு போச்சு. யோகராசா அண்ணனுக்கும் நாள் நினைவில்ல." அவர் பேனாவை மூடினார். "ஓய்வுநாள் மாற்று எண்டா ரெண்டு பேர் சேந்து செய்த ஒப்பந்தம். ஒருத்தி சொன்னாப் போதாது. மத்த ஆளும் திகதியோட எழுதித் தந்தா நான் பட்டியலை மாத்துவன். இல்லாட்டி வெள்ளி நாலு மணிக்கு இதுதான் முடிவு."

மற்ற ஆள் ஸாதியா. தனுஷியாவின் நாலு நாளும் அழிந்தால் மிச்சம் இருபத்தொன்பது. முப்பதுக்குள் வந்துவிடும், பணிமூப்பு அசையாது, மாசி பத்து மாசி பத்தாகவே நிற்கும். பதவி ஸாதியாவின் கையிலிருந்து போய்விடும். அதற்கான கடிதத்தை ஸாதியாவே எழுதவேண்டும்.

"ஒரு புத்தி சொல்றன்" என்றார் உதயரூபன். "காரணத்தைச் சொல்லாம, பதிவேட்டைச் சரிபாக்கிறம் எண்டு சொல்லிக் கேளுங்க. உண்மையைச் சொல்லுவா."

அன்று வியாழன். தனுஷியாவுக்கு ஓய்வு. ஸாதியா மேசையில் நின்றாள், ஆனால் பெரிய நண்டு வரத்து வந்து எல்லோரும் இரவுவரை தலைநிமிராமல் நின்ற நாள் அது. ஈரக் கையும் பத்துப்பேர் காதும் உள்ள இடத்தில் கேட்கிற கேள்வியல்ல இது என்று மேர்லினுக்குப் பட்டது. அடுத்த நாள் வெள்ளி, ஸாதியாவின் ஓய்வுநாள். நாலு மணி கெடுவும் அதே வெள்ளி.

வெள்ளி காலை மேர்லின் ஸ்கூட்டியில் காத்தான்குடிக்குப் போனாள். புடைவைக் கடைகளுக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில் ஸாதியாவின் வீடு. வழிநெடுக அவள் மனதுக்குள் ஒரு பட்டிமன்றம் நடந்தது. சொல்லாமல் கேட்டால் பதில் நிச்சயம். ஸாதியா யோசிக்காமல் ஓம் என்று எழுதித் தருவாள், வேலை முடிந்தது. ஆனால் திங்கட்கிழமை மாறிய பட்டியலைப் பார்த்து, தன் கையெழுத்தாலேயே தன் பதவி போனது என்று அவள் அறியும்போது? அதைச் செய்ய மேர்லினுக்கு மனம் வரவில்லை. அதுமட்டுமல்ல. உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் எல்லாம் தெரிந்துகொண்டே ஸாதியா என்ன சொல்லுவாள் என்பதை அவளுக்கு எப்படியாவது அறியவேண்டியிருந்தது. இப்படி ஒரு ஆவல் தனக்கு இருப்பதை நினைக்க அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஸாதியாவின் தாய் ஹவ்வா உம்மா கதவைத் திறந்தார். கம்பனி மிஸ் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க மகள், வாங்க! சுப்பர்வைசர் கடிதம் கொண்டுவந்தீங்களா? ஒழுங்கை முழுக்கச் சொல்லிப்போட்டன்." திரும்பி உள்ளே சத்தம் வைத்தார். "மகள், ஒன்ட கடிதம் வந்திரிக்கி!"

மேர்லினுக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாம்போல இருந்தது. தேத்தண்ணியும் தொதல் இனிப்பும் வந்தன. ஸாதியா தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். மெலிந்த, அமைதியான பெண். இரண்டு பிள்ளைகள். கணவன் ஹில்மிக்குப் போன வருடம் முதுகில் சத்திரசிகிச்சை, அதிலிருந்து பாரம் தூக்க முடியாது. புடைவைக் கடையில் கால் சம்பளத்துக்கு நிற்கிறான். மேற்பார்வையாளர் சம்பளம் இந்த வீட்டுக்கு என்னவென்று மேர்லினுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

உம்மா குசினிக்குப் போகும்வரை காத்திருந்து, மேர்லின் பதிவேட்டின் பிரதியை விரித்தாள்.

"நான் உனக்கு ஒண்டையும் மறைக்க மாட்டன், ஸாதியா" என்று தொடங்கி, விதி பதினான்கையும் ஈபிஎப் பட்டியலையும் வியாழன் வெள்ளிகளையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். நீ எழுதித் தந்தால் பதவி தனுஷியாவுக்கு, தராவிட்டால் உனக்கு, தராமல் விட்டால் உன்னை ஒருவரும் கேட்க முடியாது என்பதையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது கேட்டறிகிற ஆவலெல்லாம் எங்கோ போய்விட்டது.

ஸாதியா பதிவேட்டுத் தாளைத் தன் பக்கம் திருப்பிவைத்து, ஒவ்வொரு சிவப்புப் புள்ளடியாக விரலால் தொட்டுக்கொண்டு போனாள்.

"நோப்பே எண்டா சம்பளம் மட்டும்தான் எண்டு நினைச்சம்" என்றாள். "இது இப்பிடி அடியில கிடந்து அரிச்சிக்கிட்டு இரிந்திரிக்கி."

"ஓம்."

"பங்குனியில அவட அம்மாக்கு கிளினிக். ஆனியில கோயில். ஆவணியிலயும் ஐப்பசியிலயும் திரும்பக் கிளினிக். எல்லா வெள்ளியும் நான் போனன். வியாழன் அவ நிண்டா." அவள் நிமிர்ந்தாள். "தாங்க பேனய."

மேர்லின் பேனாவைக் கொடுக்கவில்லை. "நல்லா யோசிச்சியா?"

"யோசிக்காம என்ன மிஸ்? மூணு நாளா ஒழுங்கையில எல்லாரும் என்னைச் சுப்பர்வைசர் எண்டு கூப்பிடுறாங்க. எனக்கி ஆசை இல்லையா? நல்லா ஆசை இரிக்கி." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேற ஆரும் எண்டா எழுதமாட்டன். உண்மையாச் சொல்றன், எழுதமாட்டன். அவள் எண்டபடியாத்தான்."

அவள் திகதி திகதியாக எழுதினாள். நாலு வெள்ளியையும் நாலு வியாழனையும் எழுதிக் கையெழுத்திட்டாள். பேனாவை மூடப்போனவள் திரும்பத் திறந்தாள்.

"இன்னொரு நாளும் இரிக்கி மிஸ். காத்திகை மாசம். இந்தத் தாளில அது தெரியாது, அவ வராம விட்ட நாள் இல்ல அது. என்ட மூத்தவளுக்குக் காய்ச்சல் கூடி ஆஸ்பத்திரியில வச்ச நேரம், ஒரு சனிக்கிழமை நான் வரல்ல. அவ அந்த வியாழன் தன்ட ஓய்வில வந்து என்ட பங்கு நண்டுப் பெட்டிய முடிச்சிக் குடுத்தா. மாத்துக்கு நான் எந்த நாள் வரட்டும் எண்டு கேட்டன். புள்ளைக்குச் சுகமாகட்டும், மறுகா பாப்பம் எண்டா. மறுகா அவ கேக்கவே இல்ல."

மேர்லின் பையிலிருந்த சம்பளத்தாள் பிரதியை எடுத்தாள். காத்திகையில் தனுஷியாவுக்கு வேலைநாளைவிட ஒரு நாள் கூடுதல். ஸாதியாவுக்கு ஒரு நாள் குறைவு. ஆனால் அந்த ஒரு நாளால் எந்தக் கணக்கும் மாறாது. ஸாதியாவின் சம்பளமற்ற நாட்கள் முப்பதுக்கு எங்கோ கீழே கிடந்தன.

"அது பட்டியலுக்குத் தேவையில்ல, ஸாதியா. எழுதத் தேவையில்ல."

"பட்டியலுக்குத் தேவையில்லாம இரிக்கும்" என்று சொல்லிவிட்டு அதையும் எழுதினாள் ஸாதியா.

உள்ளேயிருந்து ஹவ்வா உம்மா இன்னொரு தட்டுத் தொதலோடு வந்தார். மகளின் கண்ணையும் மேசைமேல் கிடந்த கடிதத்தையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியும். நின்றபடியே வாசித்தார். தட்டை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மேர்லின் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். மணி பதினொன்று. நாலு மணிக்கு நிறைய நேரம் இருந்தது. எழும்பவேண்டும் என்று தெரிந்தும் அவளால் எழும்ப முடியவில்லை.

ஸாதியா தொதல் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"மிஸ், மேசையில நிக்கிறவங்க மேசையில நிக்கிறவங்களோடதானே நாள் மாத்தலாம்?"

"ஓம்."

"சுப்பர்வைசரோட மாத்த ஏலாது?"

"ஏலாது. அவங்கட வேலை வேற, உங்கட வேலை வேற."

"அப்ப அந்தக் காத்திகை நாள நான் அவளுக்கு இனி எப்பிடித் திருப்பிக் குடுக்கிற?"

விதிப் புத்தகம் முழுவதும் மேர்லினுக்கு மனப்பாடம். ஒவ்வொரு விதியாக மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். அதற்கு ஒரு விதியும் இல்லை.